அம்புக்குறியை அழுத்தவும்

என் கணவர் பிளம்பர். சுவருக்குள் தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறது என்று சொல்லக்கூடிய மனிதருக்கு, சட்டைப் பையில் இருக்கும் போனுக்குள் என்ன ஓடுகிறது என்று மட்டும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார். வேலைக்கு நாள் குறிப்பது, சாமான் ஆர்டர் போடுவது, கஸ்டமர் கோபப்பட்டால் சிரித்துப் பேசுவது என்று ஏற்கெனவே எல்லாம் என் தலையில்தான். இதுவும் இருக்கட்டும் என்று நானும் வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்ட லட்சணம்தான் இந்தக் கதை.

அவருடைய தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பைப் எல்லாம் போட்டு முடித்து, சுவரைப் பூசி மூடுவதற்கு முன்னால், தரையிலிருந்து ஒரு டேப்பையும் கதவு நிலையிலிருந்து ஒரு டேப்பையும் சுவரில் பிடித்து வைத்துப் போட்டோ எடுப்பார். அதற்கு எங்கள் வீட்டில் 'டேப் போட்டோ' என்று பெயர். பின்னால் யாராவது ஆணி அடிக்க வேண்டும், அலமாரி மாட்ட வேண்டும் என்றால், அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்து, "கதவுலேர்ந்து இருபத்தேழு இன்ச்சுக்கு இந்தப் பக்கம் தாராளமா ஓட்டை போடுங்க" என்று சொல்லிவிடுவார். ஒவ்வொரு கஸ்டமரிடமும் கிளம்பும்போது, "சுவத்துல கை வைக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போடுங்க, இன்ச் கணக்கா சொல்றேன்" என்பார். அதற்காகவே அவரைத் தேடி வருபவர்கள் உண்டு. அவருக்கு இருக்கும் நல்ல பெயர் முழுக்க அந்த ஒரு வாக்கியத்தில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அன்று காலை பதினொரு மணிக்கு அவர் போன் செய்தார்.

"பல் டாக்டரம்மா வீட்டு டேப் போட்டோ உன்கிட்ட இருக்கா? என் போன்ல காணோம்."

பல் டாக்டரம்மா வீட்டுக் குளியலறை மூன்று மாதத்துக்கு முன்னால் முடித்த வேலை. வாஷ்பேசினுக்கு மேலே பெரிய கண்ணாடி வைத்த அலமாரி மாட்டப் போகிறார்களாம். கண்ணாடிக்காரர் மூன்று மணிக்கு வருகிறார். நான்கு ஓட்டை போட வேண்டும்.

"வழக்கமா பைப் நேராத்தானே மேல ஏறும்? குத்துமதிப்பா சொல்லிட முடியாதா?" என்றேன்.

"அங்கதான் நேரா ஏறலியே. நடுவுல பழைய கான்கிரீட் பட்டை ஒண்ணு குறுக்க வந்துச்சு. வெந்நீர் லைனைச் சுத்திக் கொண்டுபோனேன். எவ்வளவு சுத்தினேன்னு இப்ப ஞாபகம் இருந்தா உனக்கு ஏன் போன் பண்றேன்? பிளாஸ்டிக் பைப் வேற, காந்தம் வச்சும் தேட முடியாது. ஓட்டை அதுல விழுந்துச்சுன்னா மொத்தச் சுவரையும் உடைக்கணும். அந்த டைல்ஸ் இப்ப கடையிலயே கிடைக்கலயாம்."

"தேடறேன்" என்றேன்.

தேடவே வேண்டியதில்லை. அந்தப் போட்டோ எங்கே போனது என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. 

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். எங்கள் குடும்பத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. மொத்தம் பதினான்கு பேர். பதினான்கு பேருக்கும் சேர்த்து ஒரே ஆள் வணக்கம் சொல்வார். அவர் என் பெரிய நாத்தனார், என் கணவருக்கு அக்கா. நூலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலை ஐந்தரைக்கு ரோஜா வரும். ஆறு மணிக்கு சூரியன். ஆறரைக்கு, பொறுமையைப் பற்றி யாரோ சொன்ன ஒரு வாசகம், பின்னணியில் அருவி. அதன்பிறகு பூனை வீடியோ, முதுகுவலிக்கு உடற்பயிற்சி வீடியோ. இதெல்லாம் நாம் கேட்டாலும் கேட்காவிட்டாலும், பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், தானாகவே டவுன்லோட் ஆகி, நம் போட்டோக்களுக்கு நடுவில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும்.

நான்கு மாதத்துக்கு முன்னால், கொழுந்தன் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது, நான் ஒரு மகத்தான சேவை செய்தேன். கொழுந்தன் போனில் இடமில்லை, கேமரா திறக்க மாட்டேன் என்கிறது என்று புலம்பினான். "கொடு இங்க" என்று வாங்கினேன். செட்டிங்ஸுக்குள் போய், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, அதற்குள் மீடியா ஆட்டோ டவுன்லோட். மொபைல் டேட்டாவில் இருக்கும்போது என்று ஒரு பட்டியல், வைஃபையில் இருக்கும்போது என்று ஒன்று, ரோமிங்குக்கு ஒன்று. மூன்றிலும் போட்டோ, ஆடியோ, வீடியோ, டாக்குமெண்ட் எல்லா டிக்கையும் எடுத்துவிட்டேன். முக்கால்வாசிப் பேர் மொபைல் டேட்டாவில் மட்டும் எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து வைஃபை பட்டதும் மறுபடி ரோஜா கொட்டுகிறதே என்று முழிப்பார்கள். நான் முழிக்கிற ஆள் இல்லை.

"இனிமே எது வந்தாலும் மங்கலாத்தான் தெரியும், மேல ஒரு அம்புக்குறி இருக்கும். வேணும்னா அதை அழுத்து, இறங்கும். வேணாம்னா விட்டுடு" என்றேன்.

கொழுந்தன் கண்ணில் தண்ணீர் வராத குறை. அப்புறம் என்ன, வரிசை கட்டி நின்றார்கள். சின்ன மாமனார், அவர் மகள், மருமகன் என்று, என் போனையும் சேர்த்து அன்று பன்னிரண்டு போனை வைத்தியம் பார்த்தேன். போனை நீட்டாத ஆள் பெரிய நாத்தனார் ஒருத்தர்தான். போனைப் புடவைத் தலைப்பில் மூடிக்கொண்டு, "எங்க லைப்ரரில ஒருத்தரும் புத்தகத்தை வாசல்லயே தடுத்து நிறுத்த மாட்டோம்" என்றார். அடுத்த நாளே பெரிய மெமரி கார்டு ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன்.

பதின்மூன்றாவது போன் என் சொந்தக் கணவருடையது. அதை மட்டும் நான் தொடவில்லை. அவர் அன்று வேலைக்குப் போயிருந்தார். அதற்குப் பிறகு இன்று நாளை என்று இரண்டரை மாதம் ஓடிவிட்டது. ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஆறு வாரத்துக்கு முன்னால்தான் அந்தப் போன் என் கையில் சிக்கியது. ஆட்டோ டவுன்லோடை நிறுத்தினேன். ஆனால் அது இனி வருவதைத்தான் நிறுத்தும். ஏற்கெனவே வந்து குந்தியிருப்பதை நாம்தான் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும். கேலரியைத் திறந்தேன். பத்தாயிரத்துக்கு மேல் இருந்தது. ரோஜா, சூரியன், அருவி, பூனை, நடுநடுவே சாம்பல் நிறத்தில் சுவர். வாட்ஸ்அப் படம் மட்டும் இருக்கும் ஆல்பத்துக்குள் போய் அழித்திருந்தால் வம்பே இல்லை. நான் எல்லாம் தேதிவாரியாகக் கலந்து கிடக்கும் முதல் பக்கத்திலேயே நின்றுகொண்டு, சுவரை எல்லாம் பார்த்துப் பார்த்து விட்டுவிட்டு மற்றதை அழித்தேன். முதல் ஐந்நூறு வரைக்கும் பொறுமை இருந்தது. அப்புறம் அடுப்பில் பால் இருந்தது. ஒரு படத்தை அழுத்திப் பிடித்து, விரலை அப்படியே கீழே இழுத்தேன். ஒரு வாரம் மொத்தமும் டிக் ஆனது. மேலோட்டமாகப் பார்த்தேன், ரோஜாவாகத்தான் இருந்தது. அழித்தேன்.

அழித்த படம் முப்பது நாள் குப்பைத் தொட்டியில் கிடக்கும். முப்பது நாளைக்குள் ஞாபகம் வந்திருந்தால் மீட்டிருக்கலாம். ஆறு வாரம் ஆகிவிட்டது. இருந்தாலும் மனசு கேட்காமல், மதியச் சாப்பாட்டுக்காக வீட்டுக்கு வந்தவர் கையிலிருந்து போனை வாங்கித் தொட்டியைத் திறந்து பார்த்தேன். துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது.

"நீ ஏன் முகத்தை இப்படி வச்சிருக்கே? காணாமப் போனது என் போட்டோ" என்றார்.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "எனக்கு அனுப்பினீங்களா இல்லையா, அதைச் சொல்லுங்க" என்று எகிறினேன். தப்பு நம் பக்கம் இருக்கும்போது குரலை உயர்த்துவது என்பது எனக்குக் கைவந்த கலை.

"அனுப்பத்தான் பார்த்தேன். உன் பேர்தான் பட்டியல்ல மேல இருந்துச்சு. நான் விரலை வைக்கற அதே நேரத்துல அக்கா ஏதோ பூவை அனுப்பிடுச்சு. குரூப் மேல ஏறி உன் பேர் கீழ போயிடுச்சு. நான் பார்க்காம அழுத்தி அனுப்பிட்டேன். ஐயையோ, குடும்ப குரூப்ல பாத்ரூம் சுவரைப் போட்டுட்டமேன்னு உடனே அழிச்சிட்டேன். அப்புறம் டைல்ஸ்காரர் கூப்பிட்டாரு. உனக்கு அனுப்ப மறந்தே போச்சு."

"அழிச்சீங்களே, எல்லாருக்கும்னு குடுத்து அழிச்சீங்களா, எனக்கு மட்டும்னு குடுத்தா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அப்படி இரண்டு இருக்கிறது என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும்.

என் போனில் குரூப்பைத் திறந்து, மூன்று மாதம் மேலே தள்ளினேன். ரோஜாக்களுக்கும் அருவிகளுக்கும் நடுவில், எல்லாமே மங்கலான சதுரங்கள், அதில் ஒரு சதுரம் சாம்பல் நிறம். அனுப்பியவர் என் கணவர். அவர் போனிலிருந்து மட்டும் அது மறைந்திருந்தது, மற்ற பதின்மூன்று பேரிடமும் பத்திரமாக இருந்தது. கீழே நான்கைந்து பேர் கும்பிட்டிருந்தார்கள். ஒருவர் ஹார்ட் போட்டிருந்தார். நடுவில் அம்புக்குறி. நான் அன்றைக்கு அதை அழுத்தியிருக்கவில்லை. ஏன் அழுத்தப் போகிறேன், அந்தக் குரூப்பில் வருவதை அழுத்தக் கூடாது என்று ஊருக்கே சொல்லிக் கொடுத்தவள் ஆயிற்றே.

இப்போது அழுத்தினேன். வட்டம் சுற்றியது. இந்த ஃபைல் இப்போது கிடைக்காது, அனுப்பியவரிடம் மறுபடி அனுப்பச் சொல்லுங்கள் என்று வந்தது. இறக்காமலே விட்ட படத்தை எவ்வளவு நாளைக்குத்தான் அவர்கள் காவல் காப்பார்கள்? அனுப்பியவர் என் எதிரில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

மணி ஒன்று. அவரை டாக்டரம்மா வீட்டுக்குப் போகச் சொன்னேன். "கண்ணாடிக்காரர் முன்னாடியே வந்துட்டா கையைப் பிடிச்சு நிறுத்துங்க. நான் பார்த்துக்கறேன்" என்றேன். அவர் என்னை நம்பிப் போனார். அதுதான் இன்னும் உறுத்தியது.

கொழுந்தனைக் கூப்பிட்டேன்.

"என்ன அண்ணி, நீங்கதானே ஆஃப் பண்ணிட்டுப் போனீங்க" என்றான்.

"அப்ப எதுக்குடா கும்பிட்டே?"

"யார் என்ன அனுப்பினாலும் கும்பிட்டுடுவேன் அண்ணி. பிரச்சினை வராது."

சின்ன மாமனார் இன்னும் ஒரு படி மேல். "நீ பண்ணிக் குடுத்ததுலேர்ந்து போன் சும்மா பறக்குதும்மா. உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று வாழ்த்தினார். அந்த வாழ்த்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? மற்றவர்களிடமும் அதே பதில்தான். நான் வைத்தியம் பார்த்த பன்னிரண்டு போனிலும் அந்தச் சுவர் இல்லை. என் வைத்தியம் அவ்வளவு சுத்தம்.

மிச்சம் ஒரே ஆள்.

"அக்கா, ஒரு போட்டோ வேணும்" என்று ஆரம்பித்தேன்.

"யாரு பேசறது? போட்டோவெல்லாம் குப்பைன்னு சொன்ன அந்த அம்மாவா?" என்றார் பெரிய நாத்தனார். குப்பை என்ற வார்த்தையைக் கொழுந்தன் வீட்டுச் சமையலறையில், கதவைச் சாத்திக்கொண்டு சொன்னேன். சமையலறைக்குக் காது இருக்கிறது.

"அவசரம் அக்கா."

"போன்ல பேசிக்கிட்டே போன்ல தேட எனக்கு வராது. நேர்ல வா."

இரண்டு பஸ் ஸ்டாப் தூரம். பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் நடந்தே போனேன், நடையா ஓட்டமா என்று எனக்கே தெரியவில்லை. மூன்றாவது மாடி. மூச்சு வாங்க உள்ளே போனபோது அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நூலகத்தில் உட்கார்ந்திருந்த அதே தோரணை. எதிரில் எனக்கு ஒரு நாற்காலி தயாராக இருந்தது. போன் மேஜை நடுவில், அவர் கைக்கு எட்டும் இடத்தில், என் கைக்கு எட்டாத இடத்தில்.

"உறுப்பினர் அட்டை வச்சிருக்கியா?"

"அக்கா, விளையாட நேரம் இல்ல. மூணு மணிக்கு அங்க ஓட்டை போடப் போறாங்க."

விஷயத்தைச் சொன்னேன். கான்கிரீட் பட்டை, சுற்றிப் போன வெந்நீர் லைன், கண்ணாடி அலமாரி எல்லாம். அவர் நடுவில் பேசாமல் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, கொக்கி மாதிரி ஒரே ஒரு கேள்வி போட்டார்.

"சரி, அவன் எடுத்த போட்டோ அவன் போன்லயே இருக்கணுமே. அது எங்க போச்சு?"

 ஜன்னலைப் பார்த்தேன். "நான்தான் அழிச்சேன். உங்க ரோஜாவோட சேர்த்து."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள். முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில், தாமதமாகப் புத்தகம் கொண்டுவந்தவர்களைப் பார்த்து எல்லாம் அப்படித்தான் சிரித்திருப்பார் போல. "நல்லதாப் போச்சு. இனிமே நீ என் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேச மாட்டே" என்றபடி போனை எடுத்தார்.

கேலரியைத் திறந்ததும் நான் அசந்துபோனேன். என் கணவர் போனில் இருந்தது சந்தை. இது அலமாரி. ஆல்பம் ஆல்பமாக அடுக்கியிருந்தார். பூ, சிவப்பு. பூ, மற்ற நிறம். சூரியன், உதயம். சூரியன், மறைவு. அறிவுரை, தாங்கக்கூடியது. அறிவுரை, தாங்கமுடியாதது. முதுகுவலி.

"இதெல்லாம் உட்கார்ந்து பிரிச்சீங்களா?"

"பின்ன, தானா பிரியுமா? வர்றதை வாங்கி வைக்கறது மட்டும்தான் அது செய்யும். எது எங்கன்னு பார்க்கறது மனுஷ வேலை. எனக்கு வேற என்ன வேலை இருக்கு சொல்லு?"

நான் 'புரியாதவை' என்று ஏதாவது ஆல்பம் இருக்குமா என்று தேடினேன். இருந்தது. அதை நோக்கி விரலை நீட்டினேன். அவர் என் விரலைத் தட்டிவிட்டு, கீழே போய், வேறு ஒன்றைத் திறந்தார். அதன் பெயர் 'தம்பி'.

மொத்தம் ஒன்பது படம். என் கணவர் பள்ளிக்கூடச் சீருடையில் பல் விழுந்து நிற்கும் பழைய படத்தைப் போனில் எடுத்த படம். எங்கள் கல்யாணப் படம் ஒன்று, அதில் நான் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன். முதல் பைக். ஆஸ்பத்திரியில் கை உடைந்து கட்டுப் போட்டுக்கொண்டு சிரிக்கும் படம். கடைசியில் சாம்பல் சுவர். அதில் வளைந்து போகும் பைப், தரையிலிருந்து ஒரு டேப், கதவிலிருந்து ஒரு டேப், ஓரத்தில் என் கணவரின் கட்டை விரல்.

அதைப் பெரிதாக்கினார். வாட்ஸ்அப்பில் வரும் படம் கொஞ்சம் சுருங்கித்தான் வரும், எண்கள் கலங்கியிருக்குமோ என்று பயந்தேன். பார்த்துப் படிக்க முடிந்தது.

"ஹார்ட் போட்டது நீங்கதானா?"

"நான் இல்லாம? அவன் தொழிலுக்குப் போய் இருபது வருஷம் ஆச்சு. என்ன வேலை பண்றே, காட்டுடான்னா, சுவத்துக்குள்ள இருக்கறதை எப்படிக்கா காட்டறதுன்னு சொல்லுவான். அன்னைக்கு ஒண்ணு வந்துச்சு. எவ்வளவு நீட்டா வளைச்சிருக்கான் பாரு."

 அந்த ஹார்ட்டை என் கணவர் பார்க்கவே இல்லை. அவர் போனில்தான் அது அழிந்துவிட்டதே. அது இந்த அக்காவுக்காக அனுப்பியதும் இல்லை. இதை எந்த வாயால் சொல்வது? "மணி ஆகுதுக்கா, முதல்ல அவருக்கு அனுப்புங்க" என்றேன்.

"சரி சரி, அனுப்பறேன்" என்று அவர் படத்தைத் தம்பிக்கு அனுப்பினார். நான் உடனே என் கணவருக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"வந்துச்சா?"

"ஏதோ வந்திருக்கு. ஒண்ணுமே தெரியல. புகை மாதிரி இருக்கு. அக்கா போன்லயும் கெட்டுப்போச்சு போல" என்றார். பின்னால் கண்ணாடிக்காரர் டிரில்லில் பிட் மாட்டும் சத்தம் கேட்டது.

"ஏங்க, நடுவுல அம்புக்குறி இருக்கா? அதை அழுத்துங்க."

"எந்த அம்புக்குறி?"

"நான்தான் உங்க போன்லயும் நிறுத்தி வச்சேன்ல. கீழ பார்த்த மாதிரி இருக்கும், அதை அழுத்துங்க."

வட்டம் சுற்றி முடிந்திருக்க வேண்டும். அப்புறம் அவர் குரலே மாறிவிட்டது. "அடேயப்பா. இருக்கு. அண்ணே, இருங்க, அந்த டிரில்லை வைங்க. அந்த வலது பக்கக் கீழ் மார்க் எவ்வளவு? கதவுலேர்ந்து அளங்க." யாரோ எண் சொன்னார்கள். "சரியா பைப் மேலயே வச்சிருக்கீங்க. அலமாரியை மூணு இன்ச் இடது பக்கம் தள்ளுங்க, நாலு மார்க்கும் தப்பிச்சுடும்."

டாக்டரம்மா பக்கத்தில் நின்று, "இன்ச் கணக்கா சொல்றேன்னீங்க, சொல்லிட்டீங்களே" என்று சொல்வது எங்களுக்கே கேட்டது. நான் நாற்காலியில் அப்படியே சாய்ந்தேன்.

என் கணவர் மறுபடி போனுக்கு வந்தார். "அக்கா, நீ தெய்வம். உன்கிட்ட எப்படி இருந்துச்சு?"

"நீதானே அனுப்பினே" என்றார் நாத்தனார்.

"அது எங்கக்கா, நான் இவளுக்கு..." என்று அவர் ஆரம்பித்தார். நான் பதறி, "ஏங்க, அந்தப் போட்டோவை உங்க போன்லேர்ந்து அழிச்சது நான்தான்" என்று குறுக்கே விழுந்தேன். ஒன்றை மறைக்க இன்னொன்றை உடைத்தேன். 

"தெரியும்" என்றார் அவர். "தப்பு பண்ணினாத்தான் நீ என் மேல அப்படி எகிறுவே. நானும் மூணு மாசமா உனக்கு அனுப்பாம இருந்தேனே, விடு."

நாத்தனாருக்குத்தான் ஏமாற்றம். கைக்கு வந்த பிடி போய்விட்டது. போனை வைத்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீ எதுக்கு நடுவுல விழுந்தேன்னு எனக்குத் தெரியாதா? பாத்ரூம் சுவத்தை எவனாவது வேணும்னு குடும்ப குரூப்ல போடுவானா? கை தவறித்தான் வந்துச்சு. தப்பா வந்ததுன்னா நான் வச்சுக்கக் கூடாதா?"

 அவர் கண்ணாடியை மறுபடி துடைத்தார், சுத்தமாக இருந்த கண்ணாடியை.

"முன்னெல்லாம் காலைல ஒண்ணு அனுப்பினா, அழகா இருக்குன்னு யாராவது ஒருத்தர் சொல்லுவாங்க. நீ எல்லார் போனையும் வாங்கினியே, அன்னைலேர்ந்து கும்பிடறதோட சரி. நான் கறுப்பா ஒரு படத்தைப் போட்டாக்கூடக் கும்பிடறாங்க. போட்டுப் பார்த்தேன்."

நான் அவமானத்தில் கொஞ்சம் சிறுத்துப்போனேன். ஆனாலும் விட்டுக்கொடுக்காமல், "ஒரு நாளைக்கு ஏழெட்டு அனுப்பினா யாருதான் திறப்பாங்க அக்கா" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்றார். எதிர்பார்க்கவே இல்லை. அப்புறம் போனை என் பக்கம் தள்ளினார். முதல் தடவையாக. "ஒண்ணு மட்டும் பண்ணிக் குடு. இந்தக் குடியிருப்போர் குரூப்புல தண்ணி டேங்க் படமா கொட்டுது. தேவைப்பட்டா அந்தக் குரூப்புக்குள்ள போயே பார்த்துக்கறேன். அது என் ஆல்பத்துக்குள்ள வரக் கூடாது. நம்ம குரூப்புல கையை வைக்காதே."

அதற்கு வேறு வழி. டவுன்லோடை நிறுத்த வேண்டாம். அந்த ஒரு குரூப்பின் பெயரைத் தொட்டு உள்ளே போய், மீடியா விசிபிலிட்டி என்பதில் வேண்டாம் என்று வைத்தேன். படம் போனில் இறங்கும், குரூப்பில் தெரியும், கேலரியில் மட்டும் தலைகாட்டாது. இதுவரை வந்த டேங்க்குகளை அவரே அழித்துக்கொள்ள வேண்டும் என்றேன். "அழிக்கறதாவது. 'டேங்க்'னு ஒரு ஆல்பம் போட்டாச்சு" என்றார்.

மறுநாள் காலை ஐந்தரைக்குக் குரூப்பில் டிங் என்றது. வழக்கம்போல மங்கலான ஒரு சதுரம், நடுவில் அம்புக்குறி. ஐந்து நிமிஷத்துக்குள் கொழுந்தன் கும்பிட்டான். சின்ன மாமனார் கும்பிட்டார். நான் பல் துலக்கும் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டே அம்புக்குறியை அழுத்தினேன்.

ரோஜா இல்லை. சாம்பல் சுவர், வளைந்து போகும் வெந்நீர் பைப், இரண்டு டேப், ஓரத்தில் கட்டை விரல். மேலே சிவப்பு எழுத்தில், 'இனிய காலை வணக்கம்.'

என் கணவரை எழுப்பிக் காட்டினேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.  அன்று மத்தியானம், வேறொரு வீட்டில் சுவரை மூடுவதற்கு முன்னால், அவர் டேப் போட்டோவை எனக்கு ஒன்று அனுப்பினார். அடுத்த நிமிஷம் குரூப்பிலும் ஒன்று விழுந்தது. மறுபடி கை தவறிவிட்டதா என்று நான் பதறிப் பார்த்தேன்.

கீழே எழுதியிருந்தார்: 'அக்கா, இது இன்னைக்கு வேலை.'